இரண்டு மாத டெபாசிட்டுக்கு 151 ரூபாய் குறைவாக வந்திருக்கிறது: எங்கே போனது?

மாசிவீதி மளிகை, 21 மார்ச் 2025, இரவு

ஜனவரி 20-ஆம் தேதி ஐந்து லட்சம் போட்டேன். 6 சதவீதம், இரண்டு மாதம். நேற்று, மார்ச் 20, முதிர்ந்து கணக்கில் ஏறியது. வட்டி 4,849 ரூபாய்.

என் கணக்கு இது. ஐந்து லட்சத்துக்கு வருஷ வட்டி 30,000. இரண்டு மாதம் என்றால் வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு. 5,000 வர வேண்டும். 151 ரூபாய் குறைகிறது. அக்கா மகன் எக்செல்லில் போட்டுப் பார்த்தான், அதிலும் 5,000 ரூபாய்தான் வந்தது.

கிளையில் கேட்டால் கவுன்டரில் இருந்த பெண் "சிஸ்டம் போடுறதுதான் சார்" என்றார். கீழமாசி வீதியில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். தராசு காட்டுவதுதான் எடை என்று நான் சொன்னால் வாடிக்கையாளர் விடுவாரா? 151 ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் எங்கே போனது என்று தெரிய வேண்டும்.

திருநகர் தம்பி, 21 மார்ச் 2025

அண்ணே, டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். பான் நம்பர் கொடுத்தீர்களா?

மாசிவீதி மளிகை, 21 மார்ச் 2025

கொடுத்திருக்கிறேன் தம்பி. பிடித்தால் பத்து சதவீதம், 500 ரூபாய் போயிருக்கும். அதுவும் இந்த 2024-25 நிதியாண்டில் வட்டி 40,000-ஐத் தாண்டினால்தான். 151 எந்த சதவீதத்திலும் அடங்கவில்லை.

ஓய்வு கேஷியர், 22 மார்ச் 2025

வங்கி ஏமாற்றவில்லை. நீங்களும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு காலண்டரைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் வருஷத்தைப் பன்னிரண்டு சமமான துண்டாக வெட்டி, அதில் இரண்டை எடுத்துக்கொண்டீர்கள். அந்தக் கணக்கில் எல்லா மாதமும் 30 நாள், வருஷம் 360 நாள். வங்கி பணம் உண்மையில் எத்தனை நாள் தன்னிடம் இருந்தது என்று எண்ணி 365-ஆல் வகுக்கிறது. மூன்று மாதத்துக்குக் குறைந்த டெபாசிட்டுக்கு நம் நாட்டு வங்கிகளில் அதுதான் நடைமுறை. உட்கார்ந்து நாளை எண்ணிப் பாருங்கள், 151 எங்கே என்று தெரியும்.

மாசிவீதி மளிகை, 22 மார்ச் 2025, மதியம்

எண்ணினேன். ஜனவரியில் 20 முதல் 31 வரை 12 நாள். பிப்ரவரி 28. மார்ச்சில் 20 நாள். மொத்தம் 60. 30,000-ஐ 60-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 4,931 ரூபாய் 51 பைசா. இன்னும் 82 ரூபாய் பாக்கி இருக்கிறதே ஐயா?

ஓய்வு கேஷியர், 22 மார்ச் 2025

போட்ட நாள், எடுத்த நாள் இரண்டில் ஒன்றுதான் கணக்கில் சேரும். போட்ட நாள் சேரும், எடுக்கிற நாள் சேராது. லாட்ஜில் அறை எடுத்தால் இரவைத்தானே எண்ணுகிறார்கள், அது போல. மார்ச்சில் 19 நாள்தான்.

மாசிவீதி மளிகை, 22 மார்ச் 2025, கடை அடைத்த பிறகு

12, 28, 19. மொத்தம் 59. வட்டி 4,849 ரூபாய் 32 பைசா. சரியாக வங்கி கொடுத்த தொகை.

அப்படியென்றால் மேலே நான் எழுதிய தலைப்பு தப்பு. மாற்ற முடியவில்லை, இருக்கட்டும்.

அக்கா மகனின் எக்செல் ஏன் எனக்கு ஒத்து ஊதியது என்பதும் தெரிந்துவிட்டது. அவன் போட்டிருந்தது முதல் வரி. இரண்டாவது வரிதான் வங்கியின் கணக்கு. A1-இல் போட்ட தேதி, B1-இல் எடுத்த தேதி.

```
=500000*6%*YEARFRAC(A1,B1)
=500000*6%*YEARFRAC(A1,B1,3)
```

கடைசியில் இருக்கிற அந்த 3-ஐ விட்டுவிட்டால் எக்செல் தானாகவே முப்பது நாள் மாதக் கணக்குக்குப் போய்விடுகிறது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எக்செல் சொன்னால் வேதவாக்கு என்று நினைத்திருந்தேன்.

பாண்டு பிரியன், 23 மார்ச் 2025

கேஷியர் ஐயா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தியாவில் முறை 30 நாள் மாதம், 360 நாள் வருஷம்தான். நான் அரசுப் பத்திரம் வைத்திருக்கிறேன், அதில் வட்டி அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சரிபாதி வட்டி வருகிறது, அந்த ஆறு மாதத்தில் 181 நாள் இருந்தாலும் 184 நாள் இருந்தாலும் ஒன்றுதான். அரசாங்கத்துக்கே அது விதி என்றால் வங்கிக்கு மட்டும் எப்படி வேறு விதி? அண்ணாச்சி 5,000 கேட்கலாம்.

ஓய்வு கேஷியர், 23 மார்ச் 2025

தம்பி, பத்திரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நீண்ட காலப் பத்திரத்துக்கு 30-க்கு 360 தான். ஆனால் அதே அரசாங்கம் 91 நாள் டிரஷரி பில் வெளியிடுகிறதே, அதன் வருமான விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? உண்மையான நாள், கீழே 365. ஒரே அரசாங்கம், இரண்டு காலண்டர். எந்தக் காகிதம் என்பதைப் பொறுத்தது. குறுகிய டெபாசிட் டிரஷரி பில்லின் பக்கத்து வீடு, பத்திரத்தின் பக்கத்து வீடு இல்லை.

பாண்டு பிரியன், 23 மார்ச் 2025

சரி, டிரஷரி பில் எனக்குத் தெரியாது. ஆனாலும் 365-ஆல் வகுப்பதால்தான் வட்டி குறைகிறது. 360-ஆல் வகுக்கச் சொல்லிக் கேளுங்கள் அண்ணாச்சி.

மாசிவீதி மளிகை, 23 மார்ச் 2025

அதையும் போட்டேன். மேலே 59, கீழே 360. 4,916 ரூபாய் 67 பைசா. இதுவும் 5,000 இல்லை, 4,849-உம் இல்லை. மூன்றாவதாக ஒன்று முளைத்துவிட்டது.

ஓய்வு கேஷியர், 24 மார்ச் 2025

அதுதான் விஷயம். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் மாட்டுவண்டிக்கு ஜோடி மாடு மாதிரி. மேலே உண்மையான நாள் என்றால் கீழே 365. மேலே முப்பது முப்பதாக எண்ணினால் கீழே 360. இரண்டிலும் முழு வருஷத்துக்கு வட்டி ஒன்றுதான், சரியாக 6 சதவீதம். ஜோடியை மாற்றிக் கட்டினால் என்ன ஆகும்? மேலே 365, கீழே 360 என்று வைத்தால் 6 சதவீதம் 6.08 ஆகிவிடும். அமெரிக்காவில் குறுகிய காலக் கடனுக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. கொடுப்பவருக்கு லாபம், வாங்குபவருக்குச் செலவு. நீங்கள் டெபாசிட்டுக்கு அதைக் கேட்கலாம் என்றால், வங்கி கடனுக்கும் அதையே போடும். சம்மதமா?

மாசிவீதி மளிகை, 24 மார்ச் 2025

வேண்டாம் ஐயா. 365 போதும்.

உசிலம்பட்டி அக்கா, 26 மார்ச் 2025

நான் டெபாசிட் போடுகிற ஆள் இல்லை, அடகு வைக்கிற ஆள். என் கதையையும் கொஞ்சம் பாருங்கள். வளையலை வைத்து 40,000 வாங்கினேன், இரண்டு வட்டி. 35-ஆம் நாள் திருப்பப் போனேன். இரண்டு மாத வட்டி 1,600 கேட்டார்கள். ஒரு மாதம் ஐந்து நாள்தானே என்றேன். "அஞ்சு நாள் ஆனாலும் அடுத்த மாசம் பிறந்தாச்சு" என்கிறார். இதுவும் உங்கள் 360 கணக்கா?

மாசிவீதி மளிகை, 26 மார்ச் 2025

இல்லை அக்கா, அது முழு மாதக் கணக்கு. 360-இல் கூட 35 நாள் என்றால் ஒரு மாதமும் ஆறில் ஒரு பங்கும்தான், 933 ரூபாய். நாள் கணக்கில் 921. இரண்டுக்கும் 12 ரூபாய்தான் வித்தியாசம். உங்களிடம் கேட்டது 1,600. நாளை எப்படி எண்ணுவது என்ற சண்டை அங்கே இல்லவே இல்லை, துண்டு மாதத்தை முழுசாக எடுத்துக்கொள்கிறார்கள். 30-ஆம் நாளுக்குள் திருப்பியிருந்தால் 800-உடன் முடிந்திருக்கும்.

உசிலம்பட்டி அக்கா, 26 மார்ச் 2025

பணம் 34-ஆம் நாள்தான் கைக்கு வந்தது தம்பி. அதற்கு எந்த எக்செல் இருக்கிறது?

மாசிவீதி மளிகை, 29 மார்ச் 2025, இரவு

கொஞ்ச நாளாக மனசு கேட்கவில்லை. பிப்ரவரி 28 நாள் என்பதால்தான் எனக்கு நஷ்டம் என்றால், 31 நாள் மாதங்களில் போட்டிருந்தால்? இன்று கடையில் கூட்டம் இல்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எல்லா மாதத்தையும் போட்டுப் பார்த்தேன். ஐந்து லட்சம், 6 சதவீதம், ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி போட்டு இரண்டு மாதம் கழித்து 20-ஆம் தேதி எடுப்பதாக.

ஜனவரியில் போட்டாலும் பிப்ரவரியில் போட்டாலும் 59 நாள், இரண்டிலும் 151 ரூபாய் குறைவு. ஜூலையிலும் டிசம்பரிலும் போட்டால் 62 நாள், ஏனென்றால் 31-உம் 31-உம் அடுத்தடுத்து வருகின்றன. அப்போது வட்டி 5,095 ரூபாய் 89 பைசா, என் மாதக் கணக்கைவிட 96 ரூபாய் அதிகம். மற்ற எட்டு மாதமும் 61 நாள். அதில் 5,013 ரூபாய் 70 பைசா. பதினாலு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான லாபம்.

அதாவது பன்னிரண்டில் பத்து மாதம் வங்கியின் முறைதான் எனக்கு நல்லது. நான் போய் மாட்டியது நஷ்டமான இரண்டில் ஒன்று.

இதற்கப்புறம்தான் வேடிக்கை. நஷ்டத்தைக் கூட்டினேன், 301 ரூபாய் 37 பைசா. லாபத்தைக் கூட்டினேன், அதுவும் 301 ரூபாய் 37 பைசா. பைசா பிசகவில்லை. முதலில் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று திரும்பவும் போட்டேன். அதேதான்.

ஓய்வு கேஷியர், 30 மார்ச் 2025

தப்பு இல்லை. பன்னிரண்டு தடவை இரண்டிரண்டு மாதமாக எடுத்தால் ஒவ்வொரு மாதமும் இரண்டு முறை எண்ணப்படும். மொத்தம் 730 நாள், சரியாக இரண்டு வருஷம். வருஷம் முழுக்கப் பார்த்தால் இரண்டு காலண்டரும் ஒன்றாகிவிடும். வித்தியாசம் வருவது துண்டு காலத்துக்கு மட்டும்தான்.

திருநகர் தம்பி, 30 மார்ச் 2025

எங்கள் தாத்தா தமிழ் மாதத்தில் வட்டி வாங்குவாராம். ஆனி 32 நாள் வரும், மார்கழி 29-இலேயே முடிந்துவிடும். மார்கழியில் கடன் கொடுப்பதும் ஆனிக்கு முன்னால் திருப்பி வாங்குவதும் அவர் பாலிசி என்று பாட்டி சொல்வார்.

பாண்டு பிரியன், 31 மார்ச் 2025

லீப் வருஷத்தில் என்ன செய்வார்கள்? போன வருஷம் பிப்ரவரி 29 நாள். அப்போது 366-ஆல் வகுத்தார்களா?

ஓய்வு கேஷியர், 1 ஏப்ரல் 2025

நல்ல கேள்வி, ஆனால் ஒரே பதில் கிடையாது. சில வங்கிகள் லீப் வருஷமானாலும் 365-தான். சில வங்கிகள் லீப் வருஷத்தில் 366. இரண்டும் நடைமுறையில் இருக்கிறது. அண்ணாச்சியின் டெபாசிட் 2024 ஜனவரி 20 முதல் மார்ச் 20 வரை இருந்திருந்தால் 60 நாள். 365-ஆல் வகுத்தால் 4,931 ரூபாய் 51 பைசா, 366-ஆல் வகுத்தால் 4,918 ரூபாய் 3 பைசா. வித்தியாசம் ஒரு டீக்காசு. கோடிக்கணக்கில் போடும் கம்பெனிகள் மட்டும்தான் அதற்குச் சண்டைக்கு வருவார்கள், வந்தும் இருக்கிறார்கள்.

மாசிவீதி மளிகை, 6 ஏப்ரல் 2025

இன்னொன்று கண்ணில் பட்டது. 151 ரூபாயை நினைத்து இவ்வளவு எழுதிய நான் இதைப் பார்க்கவே இல்லை.

ஜனவரியில் கிளையில் கொடுத்த வட்டி அட்டையைத் தேடி எடுத்தேன். 46 நாள் முதல் 90 நாள் வரை 6 சதவீதம். 91 நாள் முதல் 6.5. அட்டையில் மாதம் என்ற வார்த்தையே இல்லை, எல்லாம் நாள். ஆனால் செயலியில் டெபாசிட் போடும்போது மாதத்துக்கு ஒரு கட்டமும் நாளுக்கு ஒரு கட்டமும் இருக்கிறது. மூன்று மாதம் என்று போட்டால் எத்தனை நாள் விழும்?

ஜனவரி 20 முதல் ஏப்ரல் 20 வரை 90 நாள். பிப்ரவரி 1 முதல் மே 1 வரை 89. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை 92. ஒரே "மூன்று மாதம்", ஆனால் முதல் இரண்டும் கீழ்ப்படியில், மூன்றாவது மேல்படியில்.

பணத்தில் பார்த்தால் 90 நாளுக்கு 6 சதவீதத்தில் 7,397 ரூபாய். நாள் கட்டத்தில் 91 என்று தட்டியிருந்தால் 6.5 சதவீதத்தில் 8,103 ரூபாய். எளிமைக்காக இரண்டையும் நாள் கணக்கில்தான் போட்டேன். ஒரு நாள் அதிகம், 705 ரூபாய் அதிகம். 151-க்குக் கிளை வரை போனவன் நான்.

ஓய்வு கேஷியர், 7 ஏப்ரல் 2025

முப்பது வருஷம் கவுன்டரில் இருந்தேன். "மூன்று மாதம் போடுங்க" என்று சொல்பவர்களே அதிகம். எழுதுகிற கிளார்க் நல்லவராக இருந்தால் "ஒரு நாள் சேர்த்துப் போடட்டுமா" என்று கேட்பார். இப்போது செயலி அதைக் கேட்பதில்லை. முதிர்வுத் தேதியும் சதவீதமும் உறுதிப்படுத்தும் பக்கத்தில் காட்டும், அதற்கு முந்தின பக்கத்திலேயே நாம் பச்சைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு என்று நான் சொன்னது மூன்று மாதத்துக்குக் குறைவான டெபாசிட்டுக்கும், காலாண்டு முடியாமல் கடைசியில் தொங்கும் துண்டுக்கும்தான். ஒரு காலாண்டு முழுதாக முடிந்தால் அதைக் கால் வருஷமாக எடுத்துக்கொண்டு, மீதித் துண்டுக்கு மட்டும் நாள் எண்ணுவார்கள்.

திருநகர் தம்பி, 7 ஏப்ரல் 2025

என் டெபாசிட் நூறு நாள். முதல் நாளிலிருந்து கடைசி வரை நாளாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். ரசீதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஓய்வு கேஷியர், 8 ஏப்ரல் 2025

இருக்கலாம். ஆறு மாதம் வரைக்கும் தனிவட்டி, எல்லாம் நாளாக என்று வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. உங்கள் வங்கி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த இடத்து வழக்கத்தைச் சொன்னேன்.

மாசிவீதி மளிகை, 23 செப்டம்பர் 2025

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். ஜூலை 22-ஆம் தேதி அதே ஐந்து லட்சத்தை இரண்டு மாதத்துக்குப் போட்டேன். வேண்டுமென்றே ஜூலை. சதவீதம் அதற்குள் இறங்கிவிட்டது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவை ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்து மொத்தம் ஒரு சதவீதம் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது 5.5.

நேற்று வந்தது 4,671 ரூபாய். என் பழைய மாதக் கணக்கில் 4,583 ரூபாய் 33 பைசாதான் வரும். 62 நாள், 88 ரூபாய் அதிகம். மார்ச்சில் 151-க்குக் கேள்வி கேட்டவன் இந்த 88-ஐத் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. கவுன்டரில் அதே பெண். "இப்ப சரியா வந்துச்சா சார்?" என்றார். வந்தது என்றேன்.

உசிலம்பட்டி அக்கா, 23 செப்டம்பர் 2025

ஜூலை டெபாசிட்காரருக்கு லாபமென்றால் ஜூலையில் கடன் வாங்கியவருக்கு நஷ்டம்தானே தம்பி? இப்போது வங்கியில்தான் நகைக்கடன் வைத்திருக்கிறேன், அங்கே நாள் கணக்கு.

மாசிவீதி மளிகை, 23 செப்டம்பர் 2025

ஆமாம் அக்கா, அதே 31-உம் 31-உம். ஆனால் 35-ஆம் நாள் போனால் 35 நாளுக்குத்தான் கேட்பார்கள்.

மாசிவீதி மளிகை, 24 செப்டம்பர் 2025

பணத்தைத் திரும்பவும் போட்டாயிற்று. மூன்று மாதம், இன்று முதல் டிசம்பர் 24 வரை. மாதக் கட்டத்தில்தான் போட்டேன், ஆனால் உறுதிப்படுத்தும் பக்கத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். 30, 31, 30. சரியாக 91 நாள், மேல்படியில் விளிம்பில் நிற்கிறது. 5.75 சதவீதம்.

கேஷியர் ஐயா, இப்போது உங்கள் பந்தயம். 91 நாளாக எண்ணினால் 7,167 ரூபாய் 81 பைசா. முழுக் காலாண்டாக எடுத்தால் 7,187 ரூபாய் 50 பைசா. எது வரும்?

ஓய்வு கேஷியர், 24 செப்டம்பர் 2025

நான் 7,188 என்கிறேன்.

திருநகர் தம்பி, 24 செப்டம்பர் 2025

நான் 7,168. தோற்றவர் டவுன் ஹால் ரோட்டில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா.